காரணம் சொல்லாத மூன்று வாக்கியங்கள்

அறிக்கையில் மூன்றே மூன்று வாக்கியங்கள். கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், மண்டபத்தில் கடைசி வரிசையில், உரமானியம் பற்றிய கூட்டமொன்றின் நடுவில், மேசைக்குக் கீழே கைபேசியை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன்.

முதலாவது: பிரதம நிறைவேற்று அதிகாரி தனது பதவி விலகல் கடிதத்தை இன்று பணிப்பாளர் சபையிடம் கையளித்துள்ளார். இரண்டாவது: சபை அதனை ஏற்றுக்கொண்டுள்ளது, விலகல் உடனடியாக அமுலுக்கு வருகிறது. மூன்றாவது: மறு அறிவித்தல் வரை நிதிப்பிரிவின் தலைவர் அப்பதவியில் பதில் கடமையாற்றுவார். கீழே கம்பனிச் செயலாளரின் கையொப்பமும் முத்திரையும்.

ஏன் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

வவுணதீவில் பெரிய அரிசி ஆலை வைத்திருக்கும் கம்பனி அது. அதன் பங்குகள் கொழும்பில் வாங்கி விற்கப்படுவதால், தலைமையில் மாற்றம் வந்தால் அதைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் உடனே அறிவிக்க வேண்டும். நான் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்ட நிருபர். படித்தது கணினி. அந்தத் தளத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, எங்கள் பக்கத்தில் தொழில் செய்யும் கம்பனிகளின் பெயர் வந்தால் எனக்குத் தகவல் அனுப்பும் சிறிய நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். பல மாதங்களாக அது அனுப்பியதெல்லாம் வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல்கள்தான். அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்று முன்னர், முதல்முறையாக ஒரு செய்தியை அனுப்பியது.

விலகியவர் மண்டூர்க்காரர். ஆலையில் பொறியியலாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கொழும்பில் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தவர். எங்கள் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் அப்படியொரு கம்பனிக்குத் தலைவரானபோது நாங்கள் அதை முன்பக்கத்தில் போட்டோம். அவர் போவதும் முன்பக்கத்துக்குரிய செய்திதான். எப்படிப் போனார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தானாக விலகினாரா, நீக்கப்பட்டாரா? இதில் ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால் அந்த மனிதர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்து நான்கு வரி எழுதி இணையப் பிரிவுக்கு அனுப்பினேன். விலகினார், உடன் அமுல், பதில் கடமை, காரணம் தெரிவிக்கப்படவில்லை. பிறகு கொழும்பில் இருக்கும் ஆசிரியரை அழைத்தேன்.

"நாலு வரியும் கண்டன் பிள்ளை," என்றார். அவர் யாழ்ப்பாணத்தவர். சந்தோஷத்திலும் கோபத்திலும் ஒரே குரலில்தான் பேசுவார். "காரணம் தெரிவிக்கப்படேல்லை எண்டு போட்டிருக்கிறீர். அது செய்தியின்ர பாதி. மற்றப் பாதி எங்கை?"

"தேடுறன் சேர்."

"தேடும். நாலு மணிக்கு முன்பக்கம் மூடுவன். முகப்புத்தகத்திலை ஒருத்தன் 'விரட்டியடிப்பு' எண்டு போட்டிட்டான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

புளியந்தீவில் புத்தகக் கடையொன்றின் மேல்மாடிதான் என் அலுவலகம். படியேறி வந்ததும் குறிப்பேட்டில் கோடு போட்டு மூன்று நிரல்கள் வகுத்தேன். தெரிந்தவை, யாரோ சொல்பவை, தெரியாதவை. முதல் நிரலில் மூன்று வரி. இரண்டாவதில் 'விரட்டியடிப்பு'. மூன்றாவதில் பக்கம் முடியும்வரை கேள்விகள். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்புவதுபோல் இருந்தது.

அதே கம்பனியின் பழைய அறிவித்தல்களை இறக்கி, இந்த அறிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னர் ஒரு பணிப்பாளர் விலகியபோது 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தார்கள். சில வாரங்கள் பொறுத்தே விலகல் அமுலுக்கு வந்தது. 'ஆற்றிய சேவைக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது' என்ற வரியும் இருந்தது. இந்த அறிக்கையில் அந்த மூன்றுமே இல்லை. காரணம் இல்லை, கால அவகாசம் இல்லை, நன்றி இல்லை.

இல்லாத ஒன்று எதையும் நிரூபிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் 'நன்றி இல்லை' என்பதன் கீழ் இரண்டு முறை கோடு இழுத்தேன்.

கம்பனியின் ஊடகத் தொடர்பாளரை அழைத்தேன். மிக இனிமையான குரல். "அறிக்கையில உள்ளதுக்கு மேலதிகமாச் சொல்ல எங்களிட்ட ஒண்டும் இல்ல மிஸ்." ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டேன். நான்கு முறையும் அதே இனிமையோடு அதே வாக்கியம். விலகியவரின் இலக்கம் என்னிடம் இருந்தது. ஆலையில் புதிய நெல் உலர்த்தி திறந்தபோது நான் பேட்டி எடுத்திருந்தேன். அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

எங்கள் படப்பிடிப்பாளர் காத்தான்குடிக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்போம். கல்யாண வீடுகளுக்கும் படமெடுப்பார், பத்திரிகைக்கும் எடுப்பார். அரைமணி நேரத்தில் மோட்டார் சைக்கிளோடு கீழே வந்து ஹோர்ன் அடித்தார்.

"என்ன புள்ள, பெரிய மனிசன் போய்ட்டாராமே? மில்லுக்குத்தானே?"

"ஓம் நானா. கெதியாப் போகணும்."

"நீ பின்னுக்கு இரு. கெதி என்ட வேல."

வலையிறவுப் பாலத்தில் வாவிக்காற்று தலைக்கவசத்துக்குள் புகுந்து இரைந்தது. பாலத்துக்கு அப்பால் பெரும்போக அறுவடை. வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்; வட்டை வட்டையாக வெட்டிக் கிடந்தது. இடையிடையே வெட்டு மெசின்கள். ஆலை வாசலில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. உள்ளே உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் போன சேதி உலர்த்திக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"கனடாவுக்கு விசா வந்துட்டாம்," என்றார் முதல் டிராக்டரின் மட்காட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"உனக்கு யாரு சொன்ன?"

"தேத்தண்ணிக் கடையில."

"அதே கடையில எனக்கு எலக்சன் கேக்கப் போறாரு எண்டு சொன்னாங்க," என்றார் அடுத்தவர். "இவன் தேத்தண்ணி குடிக்கிற பக்கம் கனடா. நான் குடிக்கிற பக்கம் எலக்சன்."

மூன்றாமவர் சிரிக்கவில்லை. நடுத்தர வயது, தலையில் துவாய். "விலகினாரோ விலக்கினாங்களோ, எனக்கு ஒரு கேள்விதான் தங்கச்சி. விலக்கினதெண்டா களவுதானே? மண்டூரில அந்தாள்ட தாய் இருக்கா. நாளைக்குப் பேப்பரப் பாத்துத்தான் அந்த மனிசி கோயிலுக்குப் போகலாமா வேணாமா எண்டு முடிவெடுக்கணும். நீங்க சும்மா எதையும் எழுதிப்போடாதீங்க."

"தெரியாம எழுதமாட்டன் அண்ணன்," என்றேன். அதை நான் முழு மனதோடு சொன்னேன். அடுத்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

ஆலை முகாமையாளர் வாசலுக்கு வந்து மரியாதையாகப் பேசினார். தனக்கும் காலையில் தொலைபேசியில்தான் தெரிந்தது, கொள்வனவு வழமைபோல் நடக்கும், அதற்கு மேல் கொழும்பில் கேட்கவும் என்றார். அவர் திரும்பிப் போனதும் லொறிகளை நிறுக்கும் தராசடியில் இருந்த எழுதுவினைஞர் கூண்டு யன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மிஸ், என்ட பேரப் போடாட்டி ஒண்டு சொல்றன்."

"பேர் போடமாட்டன். சொல்லுங்க."

"வெள்ளிக்கிழம அவரு இஞ்ச வந்தவரு. ஒருத்தருக்கும் சொல்லாம, காரத் தானே ஓட்டிக்கொண்டு. உலர்த்தியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. மறுகா எல்லாரிட்டயும் கைகுடுத்தாரு. எனக்கும் குடுத்தாரு. இத்தின வருசத்தில அண்டைக்குத்தான்."

வெள்ளிக்கிழமை. இரண்டாவது நிரலில் எழுதினேன்.

ஆலை மதிலோரம் வேப்பமர நிழலில் மடிக்கணினியை விரித்தேன். அறிக்கையை மீண்டும் திறந்தேன். எத்தனை முறை வாசித்தாலும் மூன்று வாக்கியம்தான். அப்போதுதான் படித்த பழக்கத்தில் கோப்பின் விபரங்களைப் பார்க்கத் தோன்றியது. எந்தக் கோப்பும் தான் உருவான நேரத்தைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். திரையில் தெரியாது. தேடினால் கிடைக்கும்.

அறிக்கை உருவான நாள்: வெள்ளிக்கிழமை.

நான் எழுந்தே விட்டேன். 'இன்று கடிதம் கையளித்தார்' என்று செவ்வாய்க்கிழமை சொல்லும் அறிக்கை வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டது! அவர் கடிதம் கொடுப்பதற்கு நான்கு நாள் முன்பே சபை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது! அப்படியென்றால் கடிதம் அவருடைய விருப்பமில்லை. முடிவு முதலில், கடிதம் பிறகு. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கைகொடுத்ததும் அதனால்தான். எல்லாத் துண்டும் தானாகப் பொருந்தியது. வேறு எந்த நிருபரும் இதைப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று, எனக்குத் தெரிந்த வித்தையால் கிடைத்த ஒன்று.

ஆசிரியரை அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"நாலு நாளுக்கு முன்னமோ? பிள்ளை, நிச்சயமோ?"

"கோப்பில இருக்கு சேர். படம் எடுத்து அனுப்புறன்."

"அப்ப நீக்கம்! எழுதி அனுப்பும். இணையத்திலை இப்பவே போடுறன், முன்பக்கத்துக்குப் பிறகு பெருப்பிப்பம்."

பதினைந்து நிமிடத்தில் எழுதினேன். இவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. முதல் வாக்கியத்திலேயே 'நீக்கப்பட்டதாகத் தெரியவந்துள்ளது' என்று வைத்தேன். அனுப்பினேன். மரத்தடியில் நின்றபடி நானாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கமெராவின் வில்லையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழம எண்டு எது சொல்லுது?"

"கோப்பு."

"கோப்புக்கு யாரு சொன்ன?"

"அதைச் செஞ்ச மெசின் நானா. மெசின் தானாப் பதியும்."

"மெசினுக்கு யாரு சொன்ன?" என்றார். நான் பதில் சொல்லுமுன் தானே தொடர்ந்தார். "ஏறாவூரில ஒரு கலியாணம் எடுத்தன் புள்ள. கமெராவில பெற்றரி மாத்திப்போட்டு நாளத் திருத்த மறந்துட்டன். ஆல்பத்தக் குடுத்தா, எல்லாப் படத்திலயும் போன வருசத் திகதி. மாப்பிள்ளட மாமி புடிச்சிக்கிட்டா. 'அப்ப எங்களுக்குத் தெரியாம ஒரு வருசத்துக்கு முன்னயே முடிச்சிட்டாங்களா?' எண்டு. ஒரு கிழமையா எனக்குக் கோல். மாப்பிள்ள அழுறான்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கோப்பின் விபரங்களைத் திறந்தேன். உருவாக்கியது எது என்ற இடத்தில் எழுத்துச் செயலியின் பெயர் இல்லை. ஒரு ஸ்கேனரின் மாதிரி இலக்கம் இருந்தது. கடிதத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். கோப்பில் இருந்த நேரம் அந்த ஸ்கேனரின் கடிகாரம் சொன்ன நேரம். பள்ளிப் பிள்ளைக்கும் வரவேண்டிய சந்தேகம், பட்டம் வைத்திருந்த எனக்கு வரவில்லை. காலையில் இறக்கிய பழைய அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வருடாந்தக் கூட்டத்தின் முடிவுகள்: கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை, கோப்பு அதே கிழமை திங்கட்கிழமை. நான்கு நாள் பிந்திய கடிகாரம். அதற்கு அடுத்தது, பணிப்பாளர் ஒருவர் காலமானதை அறிவிக்கும் கடிதம். புதன்கிழமை காலமானார் என்று வியாழக்கிழமை வெளியிட்டிருந்தார்கள். கோப்பு உருவான நாள், அவர் இன்னும் உயிரோடு இருந்த ஞாயிற்றுக்கிழமை.

"நானா," என்றேன். "இந்தக் கம்பனி ஒராள் சாக மூணு நாளுக்கு முன்னயே அவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கு."

நானா துணியைப் பையில் போட்டார். "அந்த மாப்பிள்ள மாமியிட்ட அம்பிட்ட மாதிரி நீ அம்பிட்டாய்," என்று சொல்லிக்கொண்டே வண்டியை உதைத்தார்.

ஆசிரியரின் கைபேசி எடுபடவில்லை. பக்கக் கூட்டத்தில் இருப்பார். இணையப் பிரிவுக்கு அழைத்தேன். ஆலைப் பக்கம் அலைவரிசை இரண்டு கோடு காட்டும், பேசத் தொடங்கினால் ஒன்றும் இருக்காது. "ஹலோ" என்ற சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டு அறுந்தது. பாலத்தடியில்தான் நன்றாக எடுக்கும். நானா அந்தச் செம்மண் வீதியில் வண்டியை விரட்டினார். நான் ஒரு கையால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழைப்பை மீண்டும் மீண்டும் அழுத்தினேன். மண்டூரில் ஒரு பெண் பேப்பர் பார்க்கப் போகிறாள் என்பதுதான் தலைக்குள் ஓடியது.

பாலத்தில் ஏறியதும் மணி அடித்தது. இணையப் பிரிவில் இருந்த பெண்தான் எடுத்தாள்.

"நான் அனுப்பினதைப் போட்டுட்டீங்களா?"

"தலைப்பு எழுதிட்டன் அக்கா. 'அரிசி ஆலைத் தலைவர் நீக்கம்: நான்கு நாட்களுக்கு முன்பே முடிவு'. படம் ஏத்துறன், ஏறினதும்..."

"படத்தை நிப்பாட்டுங்க. எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. பிழை. என்ட பிழை."

"அழிக்கவா?"

"அழிங்க. நான் லைன்ல நிக்கிறன், அழிச்சிட்டுச் சொல்லுங்க."

கீழே வாவியில் ஒரு தோணிக்காரர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். "அழிச்சாச்சு அக்கா," என்றாள்.

இரண்டு நிமிடத்தில் ஆசிரியர் அழைத்தார். ஸ்கேனர், கடிகாரம், காலமானவர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

"அப்ப எங்களிட்ட என்ன இருக்கு?"

"மூண்டு வாக்கியம் இருக்கு. நன்றி சொல்லேல்ல எண்டது இருக்கு. வெள்ளிக்கிழமை ஆலைக்கு வந்தது இருக்கு, ஒராள் சொன்னது, பேர் இல்லாம. நீக்கம் எண்டதுக்கு ஒண்டும் இல்ல சேர்."

"இப்ப ரெண்டேகால்," என்றார். "ஒண்டே முக்கால் மணித்தியாலம் இருக்கு உமக்கு." கோபப்பட்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விலகியவருக்கு மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. அப்போது வட்சப்பில் ஒரு செய்தி எழுதினேன். வணக்கமும் சுகம் விசாரிப்பும் எழுதி அழித்தேன். ஒரு மனிதருக்கு மோசமான நாளில் பதிலளிக்க எளிதாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. யார் எழுதுகிறேன், எந்தப் பத்திரிகை, நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது, நீங்கள் சொல்வதைப் பெயரோடு போடுவேன் என்று இரண்டு வரி. பிறகு இலக்கமிட்டு நான்கு கேள்வி. ஒன்று, நீங்களாகவே விலகினீர்களா? இரண்டு, விலகும்படி யாராவது கேட்டார்களா? மூன்று, உங்கள் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தீர்களா? நான்கு, அது என்ன காரணம்?

நானா பாலத்தடியில் நொங்கு வாங்கி வந்தார். நான் தொடவில்லை. திரையில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வாசித்துவிட்டார். 'எழுதுகிறார்' என்று வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. பிறகு:

"1. ஓம். 2. இல்லை. 3. ஓம்."

நானாவின் தோளில் ஓங்கி அடித்துவிட்டேன். நொங்கு நிலத்தில் விழுந்தது. உடனே அழைத்தேன், அது அவர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். இம்முறை எடுத்தார். உலர்த்தித் திறப்பு விழாவில் கேட்ட அதே நிதானமான குரல்.

"நான்காவதுக்கு ஏன் பதில் போடேல்ல சேர்?"

"காரணத்த நான் சொன்னா அது என்ட பக்கக் கதை மட்டும்தான். கடிதம் சபையிட்ட இருக்கு, ரெண்டு பக்கம். அத வெளியில போடச் சொல்லுங்க. நான் மறைக்கச் சொல்லேல்ல."

"இதை அப்பிடியே போடலாமா?"

"போடுங்க. பேரோட." என்றவர் தொடர்ந்தார். "நீக்கம் எண்டு யாரோ எழுதிறாங்களாம். என்ட தங்கச்சி அழுதுகொண்டு கோல் எடுத்தவ. அம்மாக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல."

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. "நானும் எழுதினன் சேர். அனுப்பியும் போட்டன். வெளியில போக முதல் நிப்பாட்டிட்டன்."

"ஏன் அப்பிடி நினைச்சீங்க?"

கோப்பு வெள்ளிக்கிழமை உருவானதாகக் காட்டிய கதையைச் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார், அடக்க முடியாத சிரிப்பு. "அந்த ஸ்கேனர்! கரண்ட் போய் வந்த நாளில இருந்து அதிட மணி பிழை. ரெண்டு தரம் திருத்தச் சொல்லி நானே ஈமெயில் போட்டன். வெள்ளிக்கிழம நான் ஆலைக்குப் போனது உண்மைதான். முடிவெடுத்துட்டன், ஆலைப் பிள்ளைகளுக்குக் கைகுடுக்காமப் போக மனமில்ல."

இரண்டு ஐம்பது. ஊடகத் தொடர்பாளரை மறுபடி அழைத்தேன். இப்போது என்னிடம் பொதுக் கேள்வி இல்லை. "விலகியவர் தனது கடிதத்தில் காரணம் எழுதியிருப்பதாக எங்களுக்குப் பெயரோடு சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அது ஏன் இல்லை? நாலு மணிக்கு முன் பதில் தந்தால் போடுவோம், தராவிட்டால் தரவில்லை என்று போடுவோம்." அந்த இனிமையான குரல் முதல்முறையாக வேறொரு வாக்கியம் சொன்னது. "ஒரு நிமிசம் இருங்க மிஸ்."

மூன்று நாற்பதுக்குக் கம்பனிச் செயலாளரே அழைத்தார். கறாரான பெண். "கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் உள்ள விடயங்கள் பணிப்பாளர் சபைக்குரியவை. தற்போது வெளியிடும் நோக்கம் இல்லை." ஒவ்வொரு சொல்லையும் எழுதி அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டினேன். சரி என்றார். கடிதத்தில் காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை என்று நானும் எழுதவில்லை. சொன்னதை மட்டும் எழுதினேன்.

பாலத்துச் சுவரில் மடிக்கணினியை வைத்து, நானா தன் நிழலால் வெயிலை மறைக்க, எழுதினேன். விலகினார். தானாகவே விலகியதாகச் சொல்கிறார். காரணத்தை இரண்டு பக்கக் கடிதத்தில் எழுதியதாகச் சொல்கிறார். கம்பனி அதை வெளியிடவில்லை. காரணம் என்ன என்பது எமக்குத் தெரியவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது வெட்கமாக இருக்கவில்லை. மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

"இது நல்லாயிருக்கு," என்றார் ஆசிரியர். "தலைப்பு நான் போடுறன். பயப்படாதையும், அந்தச் சொல்லு வராது."

புதன்கிழமை முன்பக்கத்தில் வந்தது: 'காரணத்தைக் கடிதத்தில் எழுதினேன். அறிக்கையில் அது இல்லை.' அன்று மாலைக்குள் மற்றப் பத்திரிகைகளும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கின. கம்பனியிடம் பங்குச் சந்தை விளக்கம் கோரியிருப்பதாக ஆசிரியர் சொன்னார். வியாழன் காலை பதினொரு மணிக்கு இரண்டாவது அறிக்கை வந்தது. இம்முறை ஏழு வாக்கியம். படியில் நின்றபடியே வாசித்தேன். நான்காவது வாக்கியத்தில் இருந்தது: வவுணதீவு ஆலையைக் குத்தகைக்கு விடுவது, விவசாயிகளிடம் நேரடியாக நெல் வாங்குவதை நிறுத்துவது என்ற சபையின் தீர்மானத்தோடு உடன்படாத காரணத்தால் அவர் பதவி விலகினார்.

அவருடைய கருத்தைக் கேட்க அழைத்தேன். முதல் மணி முழுதாக அடிக்குமுன் எடுத்தார்.

"போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க சேர். வாசிக்கிறன்."

நான்காவது வாக்கியத்தை வாசித்தேன். அந்தப் பக்கம் ஒரு முதிய பெண்ணின் குரல் ஏதோ கேட்டது. அவர் கைபேசியை விலக்கி, "பேப்பர்ப் புள்ள அம்மா, என்னப் பத்தித்தான்," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார். "சத்தமா. லவுட்ஸ்பீக்கரில போடுறன்."

சத்தமாக வாசித்தேன். புத்தகக் கடையில் அப்பியாசக் கொப்பி வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 'உடன்படாத காரணத்தால்' என்ற இடத்தில் என் குரல் தானாகவே உயர்ந்தது. வாசித்து முடித்ததும் மறுமுனையில் அந்த அம்மா, "அப்ப அவன்தான் வேணாம் எண்டு வந்தவன்," என்றார், என்னிடமா மகனிடமா தெரியவில்லை.

"ஓம் அம்மா," என்றேன். பிறகு மகனிடம் கேட்டேன். "சேர், ஆலையை யாருக்குக் குத்தகைக்குக் குடுக்கப்போறாங்க? எப்ப இருந்து? வேலை செய்றவங்களுக்கு என்ன நடக்கும்? அறிக்கையில இந்த மூண்டும் இல்ல."

"அதச் சபையிட்டக் கேளுங்க," என்றார், சிரிப்போடு.

நான் ஏற்கெனவே கம்பனிச் செயலாளரின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.